ஒரு ஜெர்சி கலப்பு மாடு: செலவு போக கையில் நிற்பது எவ்வளவு? ரெண்டாவது மாடு வாங்கலாமா?

கம்மாக்கரை (செல்லம்பட்டி):

வணக்கம். எங்க வீட்ல ஒரு ஜெர்சி கலப்பு நிக்குது. ரெண்டாவது ஈத்து, கிடாரிக் கன்னு போட்டு 50 நாள் ஆகுது. காலையில அஞ்சரை லிட்டர், சாயங்காலம் நாலு லிட்டர் கறக்குது. எல்லாம் சொசைட்டிக்குத்தான் போகுது. ஊக்கத்தொகையையும் சேர்த்தா லிட்டருக்குச் சராசரி 33 ரூபாய் வருது. சீட்டுல கொழுப்பு 3.4, எஸ்என்எஃப் 7.9-னு போடுறாங்க. போர்டு விலை 35, அதுக்கு மேல ஊக்கத்தொகை 3, ஆனா அந்த 38 எங்களுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

தீவனம் நாளைக்கு 6 கிலோ, கிலோ 30 ரூபாய்ப் பக்கம். வைக்கோல் சோழவந்தான்ல இருந்து வண்டியில இறக்குறோம், இறக்குகூலி சேர்த்துக் கிலோ 9 வரை ஆகுது. அது போக தினம் ஒரு வாளி ரேஷன் அரிசிக் கஞ்சி. பசும்புல்லுன்னா வரப்புல அறுக்கிறதுதான். நான் வேலைக்குப் போயிடுவேன், வீட்டம்மாவும் அம்மாவும்தான் மாட்டைப் பார்க்குறாங்க.

என் கணக்குப்படி மாசம் பால் காசு 9,400. தீவனம் 5,400, வைக்கோல் 1,200 போனா 2,800 நிக்கணும். கையில 60,000 இருக்கு. ரெண்டாவது மாடு வாங்கினா இது 5,600 ஆகுமா? 25 சென்ட் நிலம் இருக்கு, பங்காளியோட சேர்ந்த போர் தண்ணி, நாலு நாளைக்கு ஒரு தடவை முறை வரும்.

பைபாஸ் ரோடு (மதுரை):

சார், 10 மாட்டுப் பண்ணைக்கு பேங்க்ல லோன் வாங்கணும்னா திட்ட அறிக்கை வேணும். கொட்டகை, பால் கறக்கும் மெஷின், புல் வெட்டும் மெஷின் எல்லாம் சேர்த்துப் போடணும். உங்ககிட்ட அறிக்கை மாதிரி எதுவும் இருக்கா? எனக்கும் தேவைப்படுது.

கம்மாக்கரை:

சார், நான் கேட்டது வீட்டுக் கொட்டத்துல ஒண்ணு ரெண்டு மாடு கட்டுறதைப் பத்தி. லோன் இல்ல, கையில இருக்கிற காசுதான். பண்ணைக்குத் தனியா இழை தொடங்கிக் கேளுங்க, தெரிஞ்சவங்க வருவாங்க.

கல்லுப்பட்டி ராசா:

தம்பி, பால் தண்ணியா இருக்கிறதாலதான் விலை கம்மியா விழுது. பருத்திக்கொட்டையை ராத்திரி ஊற வச்சு ஆட்டி ஊத்துங்க. கஞ்சியை இன்னும் ஒரு வாளி கூட்டுங்க. பால் கெட்டியாகும், அளவும் ஏறும். எங்க பக்கம் எல்லாரும் அப்படித்தான் வைக்கிறாங்க. ரெண்டாவது மாடு தாராளமா வாங்கலாம், ஒண்ணுக்குப் பார்க்கிற வேலைதான் ரெண்டுக்கும்.

தொழுவத்துக்காரி (மேலூர்):

கம்மாக்கரை தம்பி, உங்க கணக்குல ஒரு பெரிய ஓட்டை இருக்கு. 50-வது நாள் பாலை வச்சு மாசக் கணக்குப் போட்டிருக்கீங்க. கன்னு போட்டு ஆறிலிருந்து எட்டு வாரத்துலதான் மாடு உச்சத்துல நிக்கும். அதுக்கப்புறம் மாசா மாசம் பத்துல ஒரு பங்கு அளவுக்கு இறங்கிக்கிட்டே வரும். பிறகு பால் வத்தும், அப்பவும் தின்னத்தான் செய்யும். மாட்டுக்கு மாசக் கணக்கு சரிவராது. ஒரு ஈத்துல இருந்து அடுத்த ஈத்து வரைக்கும் போடணும்.

உங்க மாட்டையே வச்சுப் போட்டுப் பார்ப்போம். நல்லா நடந்தா அடுத்த கன்னு 14 மாசத்துல, அதாவது 420 நாள்ல. அதுல 300 நாள் கறவை, 120 நாள் வத்து. உச்சம் ஒன்பதரை லிட்டர்னா 300 நாளுக்கும் சேர்த்து 2,300 லிட்டர் எதிர்பார்க்கலாம். கன்னுக்கு 200 லிட்டர் போக விக்கிறது 2,100. உங்க 33 ரூபாயில அது 69,300.

இப்ப செலவு. அடர்தீவனம் உடம்புக்கு ஒன்றரைக் கிலோ, பாலுக்கு ஒவ்வொரு ரெண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோ. சராசரிப் பால் ஏழரைன்னு வச்சா நாளைக்கு நாலரைக் கிலோ, 300 நாளுக்கு 1,350 கிலோ. வத்தின காலத்துல முதல் 60 நாள் ஒன்றரைக் கிலோ, கன்னு போடுறதுக்கு முந்தின 60 நாள் ரெண்டரைக் கிலோ, ரெண்டும் சேர்த்து 240 கிலோ. மொத்தம் 1,590 கிலோ, 30 ரூபாய் மேனிக்கு 47,700. வைக்கோல் நாளைக்கு நாலு கிலோன்னு 1,680 கிலோ, 15,120. தாது உப்பு நாளைக்கு 50 கிராம், மொத்தம் 2,000 ஆகும். சினை ஊசி, குடற்புழு மருந்து, டாக்டர் செலவுக்கு 4,000 வைங்க. கூட்டினா 68,820.

ஆக 14 மாசத்துல கையில நிக்கிறது 480 ரூபாய். அது போகக் கன்னும் சாணியும். இந்தக் கணக்கோட ரெண்டாவது மாடு வாங்கினா அந்த 480, 960 ஆகும், அவ்வளவுதான். முதல்ல இந்த மாட்டுல காசு எங்க போகுதுன்னு பார்ப்போம். அதுக்கப்புறம் அடுத்ததைப் பத்திப் பேசலாம்.

ராசா அண்ணே சொன்ன பருத்திக்கொட்டை சரி. அதுல இருக்கிற எண்ணெயும் நாரும் கொழுப்பை ஏத்தும். ஒரு மாட்டுக்கு நாளைக்கு ஒரு கிலோவுக்கு மேல வேண்டாம். ஆனா கஞ்சி நேர்மாறான வேலை செய்யும். வெந்த அரிசி வயித்துல சட்டுனு புளிச்சு அமிலம் ஏறும், அசை போடுறது குறையும், கொழுப்பு இறங்கும். கஞ்சி ஊத்தினதும் ரெண்டு நாள் பால் அளவு கூடின மாதிரி தெரியும், அதை நம்பிடக் கூடாது.

நீங்களே சோதிச்சுப் பாருங்க. மாடு படுத்திருக்கும்போது பக்கத்துல உட்கார்ந்து, ஒரு உருண்டை மேல வந்து திரும்ப விழுங்குற வரைக்கும் எத்தனை தடவை மெல்லுதுன்னு எண்ணுங்க. 50, 60 வரணும். 40-க்குக் கீழ இருந்தா வயித்துல நார் பத்தலை. சாணி கூழ் மாதிரி தளதளன்னு, நுரை முட்டை விட்டு, புளிச்ச வாடை அடிச்சா அதுவும் அதே கதைதான். புல்லையும் தட்டையையும் மெஷின்ல ரொம்பப் பொடியா வெட்டினாலும் இப்படி ஆகும். ஒரு அங்குலத்துக்குக் குறையாம வெட்டணும்.

கல்லுப்பட்டி ராசா:

அக்கா, கஞ்சி காலங்காலமா ஊத்துறதுதானே? நாட்டு மாட்டுக்கு ஒண்ணும் ஆகலையே.

தொழுவத்துக்காரி:

அண்ணே, நாட்டு மாட்டுக்கு வடிச்ச தண்ணியில கொஞ்சம் பருக்கை கிடக்கும், மாடும் நாள் பூரா மேய்ஞ்சு வந்திருக்கும். வயிறு நிறையத் தட்டையும் புல்லும் இருக்கிறப்ப அது தாங்கும். கட்டுத்தரையிலேயே நிக்கிற கலப்பின மாட்டுக்கு 6 கிலோ தீவனத்துக்கு மேல ரெண்டு கிலோ அரிசியை வேக வச்சு ஊத்துறது வேற. கழுநீர், வடிகஞ்சித் தண்ணி தாராளமா ஊத்தலாம்.

சொசைட்டி டெஸ்டர் (ஓய்வு):

கம்மாக்கரை சார், 3.4 கொழுப்பு ஜெர்சி கலப்புக்குக் குறைவு. அந்த மாட்டுக்கு 4-க்கு மேல வரணும். ஒரு கேள்வி. கன்றை எப்போது ஊட்ட விடுகிறீர்கள்? கறந்து முடித்த பிறகா?

கம்மாக்கரை:

ஆமா சார். சுரப்பு விடுறதுக்கு முதல்ல ஒரு நிமிஷம் விடுவோம். அப்புறம் கறந்துட்டு, மிச்சத்தைக் குடிக்கட்டும்னு அவிழ்த்து விட்டுடுவோம்.

சொசைட்டி டெஸ்டர் (ஓய்வு):

அங்கேதான் உங்கள் கொழுப்பு போகிறது. காம்பிலிருந்து முதலில் வரும் பாலில் கொழுப்பு ஒன்று, ரெண்டு சதவீதம்தான் இருக்கும். கடைசியாக மடியில் தங்கும் பாலில் ஆறு, ஏழு, சில நேரம் அதற்கு மேலும் இருக்கும். கொழுப்பு நிறைந்த பாலைக் கன்றுக்கு விட்டுவிட்டு, முன் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றுகிறீர்கள். மெஷின் சரியாகத்தான் காட்டுகிறது.

இப்படி மாற்றுங்கள். கறக்கத் தொடங்கும்போதே ஒரு காம்பைக் கன்றுக்கென்று ஒதுக்குங்கள், தினம் வேறு வேறு காம்பு. மற்ற மூன்றையும் கடைசிச் சொட்டு வரை ஒட்டக் கறக்க வேண்டும். கன்று முட்டியதும் இறங்குகிற சுரப்பு ஏழு எட்டு நிமிடம்தான் நிற்கும். அதற்குள் கறந்து முடிக்காவிட்டால் எவ்வளவு இழுத்தாலும் கடைசிப் பால் வராது. நடுவில் போன் பேசுவது, தவிடு எடுக்கப் போவது எல்லாம் அந்தக் கொழுப்பைத்தான் குறைக்கும். கட்டை விரலை மடக்கிக் கறப்பவராக இருந்தால் முழுக்கைப் பிடிக்குப் பழகட்டும். மடக்கிக் கறந்தால் காம்புக்குள் புண்ணாகி, அதிலிருந்து மடி நோய் வரும்.

அடுத்தது எஸ்என்எஃப் 7.9. கறந்த கையோடு, சூடும் நுரையுமாக ஊற்றினால் லாக்டோமீட்டர் டிகிரி குறைத்தே காட்டும். பாலில் காற்று நிறைந்திருப்பதால் லாக்டோமீட்டர் தாழ்ந்து இறங்கிவிடும். தண்ணீர் கலக்காதவர்கள் மேல் கூட அதனால் சந்தேகம் வரும். கறந்த பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் அரை மணி நேரம் வைத்து, நுரை அடங்கிய பிறகு கொண்டு போங்கள். ஊற்றும் முன் ஒரு முறை நன்றாகக் கலக்கிவிட்டு மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். கலக்காமல் மேலிருந்து எடுத்தால் ஒரு கணக்கு, அடியிலிருந்து எடுத்தால் ஒரு கணக்கு.

இதையெல்லாம் செய்த பிறகும் எஸ்என்எஃப் 8-ஐத் தாண்டவில்லை என்றால் இரண்டு காரணம் பார்க்க வேண்டும். ஒன்று, மாட்டுக்கு மாவுச்சத்து பற்றாமல் உடம்பு கரைகிறது. மற்றது, வெளியே தெரியாத மடி நோய். கறக்கும் முன் ஒவ்வொரு காம்பிலிருந்தும் நாலு பீச்சு கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரி திரியாகவோ துகளாகவோ ஒட்டினால் அந்தக் காம்பில் நோய் தொடங்கிவிட்டது. அந்தப் பாலைச் சேர்க்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

காலைப் பாலுக்கும் மாலைப் பாலுக்கும் கொழுப்பு வேறுபடுவது இயல்பு. காலை 5 மணி, பிற்பகல் 3 மணி என்று கறந்தால் இரவு இடைவெளி 14 மணி நேரம். காலையில் பால் கூடும், கொழுப்பு குறையும். மாலையில் அது திரும்பும். இரண்டு சீட்டையும் சேர்த்துப் பாருங்கள்.

கம்மாக்கரை:

சார், இது யாரும் சொன்னதில்லை. நாளையில இருந்தே ஒரு காம்பை ஒதுக்கிடுறோம். எங்க சொசைட்டியில கலக்காமத்தான் எடுக்குறாங்க, கேட்டா கோவிச்சுக்குறாங்க. லிட்டர்லதான் அளக்குறாங்களா, கிலோவுலயான்னும் புரியலை.

சொசைட்டி டெஸ்டர் (ஓய்வு):

ஒரு லிட்டர் பால் ஏறக்குறைய 1.03 கிலோ. தராசில் வைத்து கிலோவில் எழுதி, லிட்டர் விலையைப் போட்டால் உங்களுக்கு லாபம். எடை போட்டு 1.03-ஆல் வகுத்து லிட்டராக எழுதினால் அது சரியான கணக்கு. சீட்டில் எந்த அலகு அச்சாகிறது என்று பாருங்கள். கலக்கச் சொல்லிக் கேட்க வேண்டாம், நீங்களே ஊற்றும் பாத்திரத்தை உங்கள் கரண்டியால் கலக்கிவிட்டு நீட்டுங்கள். சண்டை இல்லாமல் முடியும்.

எருமைக்காரன் (சோழவந்தான்):

இவ்வளவு பாடு எதுக்கு? எருமை வாங்குங்க. என்கிட்ட முர்ரா கலப்பு ரெண்டு நிக்குது. ஒண்ணு ஆறு லிட்டர்தான், ஆனா கொழுப்பு 7 தாண்டுது. சொசைட்டி விலையே எருமைப் பாலுக்கு 44, ஊக்கத்தொகை 3. டீக்கடைக்காரங்க வீடு தேடி வர்றாங்க. வைக்கோல் தின்னே உடம்பு வைக்கும். மடி நோயும் பசு அளவுக்கு வர்றதில்லை.

தொழுவத்துக்காரி:

சோழவந்தான்ல வாய்க்கால் தண்ணி இருக்கு, வைக்கோல் காலடியில கிடைக்குது, அங்க எருமை சரி. செல்லம்பட்டியில சித்திரை வைகாசியில கண்மாய் வறண்டு கிடக்கும். வெயில்ல எருமை பருவத்துக்கு வர்றதே தெரியாது, கத்தாது, கோழையும் லேசாத்தான் தெரியும். சினைக் காலமும் பத்து மாசத்துக்கு மேல, பசுவை விட ஒரு மாசம் கூட. ரெண்டு கன்னுக்கு நடுவுல 16, 18 மாசம் சுலபமா ஓடிடும். பாலுக்குத் தீவனமும் ரெண்டு லிட்டருக்கே ஒரு கிலோ வைக்கணும். 6 லிட்டரை 47-ஆல் பெருக்கிப் பார்த்துட்டு முடிவு பண்ணிடக் கூடாது.

எருமைக்காரன்:

வருஷத்துக்கு ஒரு கன்னு போடுற எருமையும் இருக்கு. காலையிலயும் மத்தியானமும் தண்ணி அடிச்சு விட்டா கோடையிலயும் பருவம் தெரியும். இதுல நான் ஒத்துக்க மாட்டேன்.

தொழுவத்துக்காரி:

தண்ணி அடிச்சா நல்லதுதான், அது உண்மை. நாலு நாள் முறைத் தண்ணியில அது முடியுமான்னு கம்மாக்கரை தம்பிதான் சொல்லணும்.

விட்ட இடத்துக்கு வர்றேன். டெஸ்டர் சார் சொன்னதைச் செஞ்சு 33, 36 ஆச்சுன்னு வைங்க. 2,100 லிட்டருக்கு 6,300 கூடும். அது ஒண்ணு. இதை விடப் பெரிசு சினைப் பிடிக்கிற நாள். மேல போட்ட 14 மாசக் கணக்குக்குக் கன்னு போட்டு 140 நாளுக்குள்ள சினை நின்னாகணும். அதுவே 18 மாசமா இழுத்தா 120 நாள் கூடுதலா தின்னும். ஒன்றரைக் கிலோ தீவனம் 45 ரூபாய், வைக்கோல் 36, தாது உப்பு 5, ஆக நாளைக்கு 86. 120 நாளுக்கு 10,320. மூணு ரூபாய் விலை ஏத்தி வாங்கினதை விட இது அதிகம். பருவத்தை ஒரு தடவை கவனிக்காம விட்டா 21 நாள் போச்சு. அதனாலதான் சந்தையில பால் அளவை மட்டும் கேட்டு வாங்குறதை நான் ஒத்துக்கிறதில்லை.

மூணாவது பசுந்தீவனம். உங்க 25 சென்ட்ல 10 சென்ட் போதும். கோ-4 கம்பு நேப்பியர் கரணையை ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் கூட இடைவெளி விட்டு நட்டா சென்ட்டுக்கு 160, பத்து சென்ட்டுக்கு 1,600 பிடிக்கும். முதல் அறுப்பு 75, 80 நாள்ல, அப்புறம் 45 நாளுக்கு ஒண்ணு. ஒரே நாள்ல மொத்தமா அறுக்கக் கூடாது. 1,600-ஐ 45-ஆல வகுத்தா நாளைக்கு 35 தூர். தூருக்கு அரைக் கிலோவில இருந்து ஒரு கிலோ வரும்னா நாளைக்கு 18 முதல் 35 கிலோ. வரிசையா அறுத்துக்கிட்டே போனா கடைசி வரிசைக்கு வர்றப்ப முதல் வரிசை தயாரா இருக்கும். சாணியைக் கரைச்சு, அறுத்த வரிசைக்கே ஊத்திடலாம். ஓரத்துல மூணு சென்ட் வேலிமசால் போட்டா புரதமும் கிடைக்கும். மூணு பங்கு புல்லுக்கு ஒரு பங்கு வேலிமசால்.

இந்தப் பசும்புல் வந்தா நாளைக்கு ஒரு கிலோ அடர்தீவனத்தைத் தைரியமா குறைக்கலாம். 420 நாளுக்கு 12,600 மிச்சம். 480, 6,300, 12,600 மூணும் சேர்ந்தா 19,380. 14 மாசத்துக்கு வகுத்தா மாசம் 1,380 ரூபாய்ப் பக்கம். இதுதான் சொசைட்டிக்கு மட்டும் ஊத்துற ஒத்தை மாட்டோட உண்மையான கணக்கு.

கம்மாக்கரை:

அக்கா, நாலு நாள் முறைத் தண்ணியில கோ-4 தாக்குப் பிடிக்குமா? பங்குனிக்கு மேல போர் ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடாது.

தொழுவத்துக்காரி:

வாரம் பத்து நாளைக்கு ஒரு நல்ல தண்ணி கிடைச்சாக் கூட உயிரோட நிக்கும், ஆனா கோடையில பாதிதான் வளரும். அஞ்சு சென்ட் கோ-4 வச்சு, மிச்சத்துல கோ எஃப்எஸ்-29 தீவனச் சோளம் விதைங்க. ஹெக்டேருக்கு 5 கிலோ விதைதான், உங்க அஞ்சு சென்ட்டுக்கு 100 கிராம் போதும், கை தவறுறதுக்குக் கொஞ்சம் சேர்த்து வாங்கிக்கோங்க. முதல் அறுப்பு 65 நாள்ல. சோளத்துல ஒரு எச்சரிக்கை. பூக்கிறதுக்கு முன்னாடி இளம் பயிரை, அதுவும் தண்ணியில்லாம வாடிக் கிடந்து மழைக்குத் துளிர்த்ததை, மாட்டுக்குப் போடவே கூடாது. அந்தத் துளிருல நஞ்சு ஏறியிருக்கும், தின்ன கொஞ்ச நேரத்துல மூச்சு வாங்கி விழுந்துடும்.

கரணை, விதை, தாது உப்பு எங்க கிடைக்கும்னு திருப்பரங்குன்றத்துல இருக்கிற கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்துல விசாரிங்க.

அலங்காநல்லூர் பால்:

சொசைட்டிக்கு மட்டும் ஊத்தினா இந்த 1,380 தான்னு அக்கா சொல்றது சரி. ஆனா வீட்டுக்கு ஊத்துற கணக்கையும் பாருங்க. காலைப் பால் மட்டும் வீடுகளுக்கு, மாலைப் பால் சொசைட்டிக்கு. காலைப் பால் 1,200 லிட்டர்னு வைங்க, 48 ரூபாய்க்குப் போனா லிட்டருக்கு 12 கூடுது, 14,400. அக்கா போட்ட 19,380-ஓட சேர்ந்தா 33,780, மாசம் 2,400.

ஆனா இதுல இருக்கிற இடைஞ்சலையும் சொல்லிடுறேன். அஞ்சு லிட்டர்னா அரை லிட்டர்காரங்க பத்து வீடு. ஒரே தெருவுல அமைஞ்சா 40 நிமிஷம், ஊர் சுத்தினா ஒன்றரை மணி நேரமும் பெட்ரோலும் போயிடும். பள்ளிக்கூட லீவு விட்டா பாதி வீடு ஊருக்குப் போயிடும், அன்னைக்கு மிச்சப் பாலைச் சொசைட்டி மூடுறதுக்குள்ள ஊத்தணும். காசு மாசம் முதல் வாரத்துல முன்கூட்டியே வாங்கிடணும், கடைசியில கேட்டா ரெண்டு வீட்டுப் பாக்கி நிச்சயம். டீக்கடை அஞ்சு லிட்டரையும் ஒரே இடத்துல எடுத்துக்கும், நேரம் மிச்சம், ஆனா விலையை அடிப்பாங்க, பாக்கியும் ஏறும்.

எல்லாத்தையும் விடப் பெரிசு, ஒத்தை மாடு வத்திப் போச்சுன்னா நாலு மாசத்துக்கு அந்தப் பத்து வீட்டையும் வேற பால்காரர் பிடிச்சிடுவார். அதுக்குத்தான் ரெண்டாவது மாடு. சொசைட்டி உறுப்பினர் அட்டையை மட்டும் விட்டுடாதீங்க. எத்தனை நாள் ஊத்தினா உறுப்பினரா நீடிக்கலாம், போனஸ் உண்டுன்னு செயலாளர்கிட்ட முதல்லயே கேட்டு வச்சுக்கோங்க.

தொழுவத்துக்காரி:

இதை ஒத்துக்கிறேன். ரெண்டாவது மாட்டுக்கு உண்மையான காரணம் பால் அறுபடாம இருக்கிறதுதான். அதனால வாங்குற நேரம் முக்கியம். இப்ப கன்னு போட்ட மாட்டை வாங்கினா ரெண்டும் ஒண்ணா உச்சத்துக்குப் போகும், ஒண்ணா வத்தும். உங்க மாடு சினை நின்னது உறுதியாகி, ஆறு ஏழு மாசக் கறவைக்கு இறங்கினப்புறம் வாங்குங்க. அதுக்குள்ள புல்லும் கைக்கு வந்திருக்கும். 60,000 அதுவரைக்கும் அப்படியே இருக்கட்டும், கரணைக்கும் குழாய்க்கும் மட்டும் கொஞ்சம் எடுத்துக்கோங்க.

வாங்குறப்ப ரெண்டாவது ஈத்து, கன்னு போட்டு 15 நாளில இருந்து ஒரு மாசத்துக்குள்ள, கன்னோட பாருங்க. விக்கிறவர் வீட்டுலயே சாயங்காலம், மறுநாள் காலை, மறுபடி சாயங்காலம்னு மூணு கறவை கூட நின்னு பார்க்கணும். ஒரு கறவை மட்டும் பார்த்தா, முந்தின வேளை கறக்காம விட்டு மடியைப் பெருக்கக் காட்டியிருக்கலாம். மூணுல முதல் கறவையைக் கணக்குல சேர்க்காதீங்க. நாலு காம்புலயும் பால் சமமா வருதான்னு கறந்து பாருங்க. ஒரு காம்பு அடைச்சிருந்தா விலையில பெரிய தொகை குறையணும்.

மாட்டு விலையையும் கணக்குல ஏத்தணும். 60,000-க்கு வாங்கி நாலு ஈத்துக்கு அப்புறம் 25,000-க்கு வித்தா ஈத்துக்கு 8,750 தேய்மானம். உங்க முதல் மாட்டுக்கு நான் இதைப் போடலை, வீட்ல வளர்ந்ததோ என்னவோன்னு விட்டுட்டேன்.

கல்லுப்பட்டி ராசா:

நேரத்தைப் பத்தி நான் சொன்னது சரிதானே? ஒரு மாட்டு வேலைதான் ரெண்டு மாட்டுக்கும்.

தொழுவத்துக்காரி:

பாதி சரி அண்ணே. சாணி அள்ளுறது, தொட்டி கழுவி நிரப்புறது, சொசைட்டிக்குப் போய் வரிசையில நிக்கிறது இதெல்லாம் ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கறக்கிறதும் புல் அறுக்கிறதும் இரட்டிப்பாகும். ஒரு மாட்டுக்குக் காலையில ஒண்ணேகால் மணி, சாயங்காலம் ஒரு மணி, நடுவுல புல்லுக்கும் தண்ணிக்கும் முக்கால் மணி, ஆக மூணு மணி நேரம். ரெண்டுன்னா நாலரை. வீடுகளுக்கு ஊத்தினா அதுக்கு மேல ஒரு மணி. தண்ணியே நாளைக்கு ஒரு மாட்டுக்கு 50, 60 லிட்டர் சுமக்கணும், தொட்டிக்குக் குழாய் இழுத்துட்டா அந்தப் பாடு போகும். குழாய்ச் செலவு மாட்டுச் செலவுக்கு முன்னாடி.

மூணு மணி நேரம் 420 நாள்னா 1,260 மணி நேரம். 19,380-ஐ அதால வகுத்தா மணிக்கு 15 ரூபாய். தம்பி, இந்த உழைப்பு வீட்டம்மாவும் உங்க அம்மாவும் போடுறது. அவங்களை உட்கார வச்சு இந்தக் கணக்கைக் காட்டிட்டு ரெண்டாவது மாட்டை முடிவு பண்ணுங்க.

அலங்காநல்லூர் பால்:

அக்கா, வீட்டு ஆள் வேலையைக் கூலியா வகுத்தா எந்த மாடும் தேறாது. செல்லம்பட்டியில அந்த மூணு மணி நேரத்துக்கு, அதுவும் காலையில பாதி சாயங்காலம் பாதியா, யார் கூலி தரப் போறாங்க? வெறுமனே போற நேரம் காசாகுதுன்னுதான் பார்க்கணும்.

தொழுவத்துக்காரி:

வெறுமனே போற நேரம்னு அவங்க சொன்னா சரி. நம்ம சொல்லக் கூடாது. ஒரு கல்யாணம் காட்சிக்கு ரெண்டு நாள் வெளியூர் போக முடியாது, காய்ச்சல்னு படுக்க முடியாது. ஆள் வச்சுக் கறந்தா மாசச் சம்பளத்துல லாபம் முழுசாப் போயிடும்.

கம்மாக்கரை:

ரெண்டு பேர்கிட்டயும் கேட்டேன். ரெண்டாவது மாடு வந்தா புல் அறுக்கிற வேலை என்னோடதுன்னு அம்மா சொல்லிட்டாங்க. வீட்டம்மா தொட்டிக்குக் குழாய் போடாம மாடு வரக் கூடாதுங்குறாங்க. இந்த வாரம் குழாய், அடுத்த முறைத் தண்ணிக்குக் கரணை. கஞ்சியை நிறுத்திட்டோம், ஒரு காம்பு ஒதுக்கி ஒட்டக் கறக்குறோம். எட்டு நாள்ல கொழுப்பு 3.9 வந்திருக்கு, எஸ்என்எஃப் 8.1.

இன்னொண்ணு. இன்னைக்குச் சாயங்காலம் நாலு மணியில இருந்து மாடு கத்துது. பால் ஒரு லிட்டர் குறைஞ்சுது. கண்ணாடி மாதிரி கோழை தொங்குது. கன்னு போட்டு 58 நாள்தான் ஆகுது. ஊசி போடலாமா, அடுத்த பருவத்துக்கு விடவா?

தொழுவத்துக்காரி:

நஞ்சுக்கொடி தானா விழுந்துச்சா? கோழையில சீழோ வெள்ளைத் திப்பியோ இல்லாம தெளிவா இருக்கா? ரெண்டுக்கும் ஆமான்னா போடுங்க, விட்டா 21 நாள் போயிடும். சாயங்காலம் பருவம் தெரிஞ்சா மறுநாள் காலையில ஊசி. காலையில தெரிஞ்சிருந்தா அன்னைக்குச் சாயங்காலம். இப்பவே டாக்டருக்குச் சொல்லி வச்சு, காலையில கறந்து முடிச்சதும் போட்டுடுங்க. வெயில்ல நடத்திக் கூட்டிட்டுப் போகாதீங்க, அவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்க. தேதியையும் காளை எண்ணையும் காலண்டர்ல எழுதிட்டு, 19-வது நாள்ல இருந்து 23 வரைக்கும் காலையும் ராத்திரியும் மாட்டைக் கவனிங்க. கத்தலை, கோழை இல்லைன்னாலும் சினைன்னு முடிவு கட்ட வேண்டாம், மூணாவது மாசம் கை விட்டுப் பார்க்கச் சொல்லுங்க.